மூன்று இட்லிக்கு எத்தனை யூனிட்?

முதல் வகை நீரிழிவில், கணையத்தில் இன்சுலினைச் சுரக்கும் பீட்டா செல்களை உடலின் எதிர்ப்பாற்றலே அழித்துவிடுகிறது. அதனால் அந்தக் குழந்தைக்குத் தேவையான இன்சுலின் முழுவதும் வெளியிலிருந்துதான் போயாக வேண்டும். போகும் இன்சுலினுக்கு இரண்டு வேலைகள். சாப்பிட்டாலும் சாப்பிடாவிட்டாலும் ஈரல் இரவும் பகலும் ரத்தத்துக்குள் கொஞ்சம் கொஞ்சமாகச் சர்க்கரையை விட்டுக்கொண்டே இருக்கும். அதைச் சமாளிப்பது முதல் வேலை. கிளார்ஜின், டெக்லுடெக் போன்ற நீண்ட நேர இன்சுலின் ஒரு நாளைக்கு ஒரு முறை போட்டால் அதைப் பார்த்துக்கொள்ளும். சாப்பாட்டினால் திடீரென்று ஏறும் சர்க்கரையை அடக்குவது இரண்டாவது வேலை. அதற்கு லிஸ்ப்ரோ, அஸ்பார்ட் போன்ற வேக இன்சுலினை ஒவ்வொரு வேளையும் சாப்பாட்டுக்கு முன் போட வேண்டும்.

நீண்ட நேர இன்சுலினின் அளவு தினமும் மாறுவதில்லை. வேளைக்கு வேளை கணக்குப் போட வேண்டியது வேக இன்சுலினுக்குத்தான். முன்பெல்லாம் காலை இத்தனை, மதியம் இத்தனை, இரவு இத்தனை என்று மருத்துவர் எழுதிக் கொடுத்த அளவே மாதக்கணக்கில் ஓடும். போட்ட ஊசிக்குத் தகுந்தபடி குழந்தை சாப்பிட்டாக வேண்டும். பசியில்லை என்றாலும் தட்டைக் காலி செய்ய வேண்டும், இன்னொரு இட்லி கேட்டாலும் கொடுக்கக் கூடாது. இன்றைய முறை இதைத் தலைகீழாக்கியிருக்கிறது. குழந்தை என்ன சாப்பிடப் போகிறது என்று பார்த்துவிட்டு அதற்கேற்ற ஊசியைப் போடுவது. இதற்கு இரண்டு எண்கள் வேண்டும்.

முதல் எண் மாவுச்சத்து விகிதம். ஒரு யூனிட் இன்சுலின் எத்தனை கிராம் மாவுச்சத்தைச் சமாளிக்கும் என்று அது சொல்கிறது. இரண்டாவது எண் திருத்தக் காரணி. ஒரு யூனிட் இன்சுலின் ரத்தச் சர்க்கரையை எத்தனை புள்ளி இறக்கும் என்று அது சொல்கிறது. முதல் எண் இனி வரப்போகும் சர்க்கரைக்கு, இரண்டாவது எண் ஏற்கெனவே ஏறி நிற்கும் சர்க்கரைக்கு. இந்த இரண்டையும் கூட்டி, முந்தைய ஊசியில் இன்னும் வேலை முடியாமல் உடலில் மிச்சமிருப்பதைக் கழித்தால் அந்த வேளைக்கான அளவு வந்துவிடும்:

அளவு = (சாப்பாட்டின் மாவுச்சத்து ÷ விகிதம்) + ((இப்போதைய சர்க்கரை − இலக்கு) ÷ திருத்தக் காரணி) − மிச்ச இன்சுலின்

எட்டு வயதுச் சிறுமி ஒருத்தியை எடுத்துக்கொள்ளலாம். எடை 25 கிலோ. நீண்ட நேர இன்சுலினும் வேக இன்சுலினும் சேர்த்து ஒரு நாளைக்கு அவளுக்கு 20 யூனிட் செலவாகிறது. இனி வரும் எண்களெல்லாம் இவளுக்கு மட்டுமே பொருந்தும். இதே வயதும் எடையும் உள்ள இன்னொரு குழந்தைக்கு எண்கள் வேறாக இருக்கும். அவற்றை அந்தக் குழந்தையைப் பார்க்கும் மருத்துவர்தான் முடிவு செய்ய வேண்டும்.

தொடக்கத்தில் இந்த எண்களைக் கண்டுபிடிக்க மருத்துவர்களிடம் ஓர் எளிய வழி இருக்கிறது. 500ஐ ஒரு நாளின் மொத்த இன்சுலினால் வகுத்தால் மாவுச்சத்து விகிதம் கிடைக்கும். 1800ஐ வகுத்தால் திருத்தக் காரணி கிடைக்கும். சிறுமிக்கு 500ஐ 20ஆல் வகுத்தால் 25. அதாவது ஒரு யூனிட் 25 கிராம் மாவுச்சத்துக்குப் போதும். 1800ஐ 20ஆல் வகுத்தால் 90. ஒரு யூனிட் போட்டால் சர்க்கரை சுமார் 90 இறங்கும். இந்த 500, 1800 எல்லாம் பலருடைய பதிவுகளைப் பார்த்துத் திரட்டிய அனுபவ எண்கள். நாளொன்றுக்கு நிறைய இன்சுலின் தேவைப்படும் உடலில் ஒவ்வொரு யூனிட்டும் குறைவாகவே வேலை செய்கிறது, கொஞ்சமே தேவைப்படும் உடலில் அதிகமாக வேலை செய்கிறது என்பதுதான் அதற்குள் இருக்கும் செய்தி. வேக இன்சுலினுக்குப் பதிலாகப் பழைய ரெகுலர் இன்சுலினைப் போடும் குழந்தைகளுக்கு 1800க்குப் பதில் 1500ஐ வைத்துக்கொள்வார்கள். சிங்கப்பூர், மலேசியா, பிரிட்டனில் இருக்கும் தமிழ்க் குடும்பங்களின் மீட்டர் 210 என்று காட்டாது, 11.7 என்று மில்லிமோல் கணக்கில் காட்டும். அங்கே 1800க்கு ஈடானது 100. இரண்டு கணக்குக்கும் இடையில் உள்ள பெருக்கல் எண் 18.

இப்படிக் கிடைத்த எண் முதல் வாரத்துக்குத்தான். அதன்பின் குழந்தையின் நோட்டுப் புத்தகமே அதைத் திருத்தும். அநேகமாக முதலில் மாறுவது காலை நேரத்து விகிதம். விடியற்காலையில் வளர்ச்சி ஹார்மோனும் கார்ட்டிசாலும் உடலில் மிகுந்திருக்கும். இரண்டுமே இன்சுலினுக்கு எதிராக வேலை செய்பவை. மதியம் ஒரு யூனிட்டில் அடங்கும் அதே சாப்பாட்டுக்குக் காலையில் ஒன்றரை யூனிட் வேண்டியிருக்கும். நமது சிறுமிக்குப் பதிவுகளைப் பார்த்தபின் மருத்துவர் காலைக்கு 15, மதியத்துக்கு 25, இரவுக்கு 20 என்று மாற்றி எழுதிக் கொடுத்ததாகக் கொள்வோம்.

புதிதாகக் கணக்குப் போடும் பெற்றோர் பலர் இந்த இடத்தில்தான் தடுமாறுகிறார்கள். விகிதம் 25லிருந்து 15ஆகக் குறைந்தால் இன்சுலின் குறைகிறது என்று மனம் சொல்லும். உண்மையில் கூடுகிறது. 25 கிராமுக்கு ஒன்று என்பது 15 கிராமுக்கு ஒன்று ஆகியிருக்கிறது. 75 கிராம் சாப்பாட்டுக்கு முன்பு மூன்று யூனிட், இப்போது ஐந்து. திருத்தக் காரணியும் அப்படித்தான், எண் சிறுத்தால் ஊசி பெருக்கும். போனில் மருத்துவர் விகிதத்தைக் குறையுங்கள் என்று சொன்னால் எண்ணைக் குறைப்பதா, இன்சுலினைக் குறைப்பதா என்று திருப்பிக் கேட்டுவிடுவது நல்லது.

கணக்கில் கைக்கு அடங்காத பகுதி சாப்பாட்டின் மாவுச்சத்து. மருத்துவமனையில் கொடுக்கும் அட்டவணையில் ஓர் இட்லி 15 கிராம் என்றோ 10 கிராம் என்றோ இருக்கும். இரண்டுமே சரிதான், யார் வீட்டு இட்லி என்பதுதான் கேள்வி. அதற்கு ஒரு சமையலறைத் தராசு போதும். மாவு அரைக்கும் நாளில் 400 கிராம் இட்லி அரிசியும் 100 கிராம் உளுந்தும் ஊறப்போட்டதாக வைத்துக்கொள்வோம். அரிசியில் நூற்றுக்குச் சுமார் 78 கிராம் மாவுச்சத்து, உளுந்தில் சுமார் 50. அரிசியிலிருந்து 312, உளுந்திலிருந்து 50, மொத்தம் 362 கிராம். அந்த மாவு முழுவதிலும் 30 இட்லி வந்தால் ஒன்றுக்கு 12 கிராம். அதே மாவைச் சின்னக் குழித்தட்டில் ஊற்றி 40 வந்தால் ஒன்றுக்கு 9 கிராம். புளிக்கும்போது கொஞ்சம் மாவுச்சத்து குறையும், அது கணக்கைக் கெடுக்கும் அளவுக்கு இல்லை. தட்டும் கரண்டியும் மாறாத வரை இந்த எண் அந்த வீட்டுக்கு நிலையானது. அதை அடுப்படிச் சுவரில் எழுதி ஒட்டிவிடலாம்.

சோற்றுக்கும் இதே வழிதான். வடித்த சோறு 100 கிராமில் ஏறக்குறைய 28 கிராம் மாவுச்சத்து இருக்கும். குக்கரில் தண்ணீர் கூடுதலாக வைத்துக் குழைத்தால் கொஞ்சம் குறையும், உதிரியாக வடித்தால் கொஞ்சம் ஏறும். முதல் ஒரு மாதம் தட்டைத் தராசில் வைத்து எடை போட்டால் போதும், பிறகு கண்ணே சொல்லிவிடும். ஆனால் கண்ணுக்கும் அவ்வப்போது பரீட்சை வைக்க வேண்டும். வழக்கமான கரண்டியும் நாளடைவில் தாராளமாகிவிடுகிறது.

கடைப் பாக்கெட்டில் பார்க்க வேண்டிய வரி, மொத்த மாவுச்சத்து எவ்வளவு என்பது. அதற்குக் கீழே சர்க்கரை என்று தனியாக ஒரு வரி இருக்கும், அது மொத்தத்தின் ஒரு பகுதிதான். சர்க்கரை சேர்க்காத பிஸ்கட் என்று விளம்பரத்தோடு வருவதிலும் மைதா இருக்கிறது. மைதா வயிற்றுக்குள் போய்க் குளுக்கோஸாகத்தான் ஆகிறது.

இப்போது ஒரு காலை வேளை. மணி ஏழரை. சிறுமி கையைக் கழுவித் துடைத்துவிட்டு விரலில் குத்திப் பார்க்கிறாள், மீட்டரில் 210. அவளுக்குக் கணக்குக்காக வைத்திருக்கும் இலக்கு 120. தட்டில் 12 கிராம் இட்லி மூன்று, சின்னக் கிண்ணத்தில் சாம்பார், சர்க்கரை போடாத பால் அரை டம்ளர். இட்லியில் 36 கிராம், சாம்பாரில் பருப்புக்கும் காய்க்குமாக 10, 100 மில்லி பாலில் 5. மொத்தம் 51. தேங்காய்ச் சட்னியில் பெரும்பகுதி கொழுப்பு; இரண்டு ஸ்பூனுக்குக் கணக்கு வேண்டாம்.

காலை விகிதம் 15. 51ஐ 15ஆல் வகுத்தால் 3.4. திருத்தத்துக்கு, 210லிருந்து 120 போனால் 90, அதை 90ஆல் வகுத்தால் 1. கடைசியாக வேக இன்சுலின் போட்டது நேற்று இரவு, அது எப்போதோ தீர்ந்துபோயிருக்கும், கழிக்க எதுவும் இல்லை. ஆக 4.4 யூனிட்.

பேனாவில் 4.4 என்று வைக்க முடியாது. அரை யூனிட் காட்டும் பேனா இருந்தால் 4.5. முழு யூனிட் பேனா மட்டுமே இருந்தால் 4. இந்த 0.1 யூனிட்டின் மதிப்பு என்ன என்று திருத்தக் காரணியே சொல்லிவிடும்: 90இல் பத்தில் ஒரு பங்கு, அதாவது 9 புள்ளி. மீட்டரின் பிழையே அதைவிடப் பெரிது. அரை யூனிட் என்றால் 45 புள்ளி, அதை அலட்சியம் செய்ய முடியாது. சிறு குழந்தைகளுக்கு அரை யூனிட் பேனா வேண்டும் என்று மருத்துவர்கள் சொல்வதற்கு இதுதான் காரணம். அன்று முதல் பீரியடே விளையாட்டு என்றால் 4.5ஐத் தேர்ந்தெடுக்காமல் 4 யூனிட்டோடு நிறுத்திக்கொள்ளலாம். ஓடும் தசை இன்சுலினுக்குக் காத்திராமல் சர்க்கரையை இழுத்துக்கொள்ளும். கடுமையான விளையாட்டானால் சாப்பாட்டுக்கான இன்சுலினில் எத்தனை பங்கு குறைப்பது என்பதையும் முன்னதாகவே கேட்டு எழுதி வைத்துக்கொள்வார்கள்.

ஊசி போட்டதும் உடனே தட்டில் கை வைக்கக் கூடாது. வேக இன்சுலினும் தோலுக்கடியிலிருந்து ரத்தத்துக்குள் போய் வேலையைத் தொடங்கக் கால் மணி நேரம் எடுத்துக்கொள்கிறது. இட்லி அதைவிட வேகம். அரைத்து, புளித்து, ஆவியில் வெந்த மாவு வயிற்றில் நிற்பதே இல்லை. 10 முதல் 15 நிமிட இடைவெளி விட்டால் இரண்டும் சேர்ந்து ஓடும். ரெகுலர் இன்சுலினுக்கு இந்த இடைவெளி அரை மணி. மூன்று இட்லி என்று உட்கார்ந்து ஒன்றோடு எழுந்து ஓடும் சின்னக் குழந்தையானால், நிச்சயம் சாப்பிடும் அளவுக்கு மட்டும் முன்னால் போட்டுவிட்டு, மீதியைச் சாப்பிட்டு முடித்தபின் போடுவதும் உண்டு. இரண்டு தடவை குத்த வேண்டியிருக்கும், சர்க்கரையும் கொஞ்சம் ஏறும். போட்ட ஊசிக்கு ஈடாகச் சாப்பிடவில்லையே என்று வாயில் திணிப்பதற்கு அது தேவலை.

மதியம் அவள் சர்க்கரை 84 என்று வைத்துக்கொள்வோம். இலக்குக்குக் கீழே. சூத்திரம் இங்கேயும் செல்லும்: 84லிருந்து 120ஐக் கழித்தால் −36, அதை 90ஆல் வகுத்தால் −0.4. சோறு 200 கிராமில் 56, சாம்பார் 10, பீன்ஸ் பொரியலும் தயிரும் சேர்த்து 9, மொத்தம் 75. மதிய விகிதம் 25, ஆக 3 யூனிட். அதில் 0.4 கழித்தால் 2.6, போடுவது 2.5. சர்க்கரை 70க்குக் கீழே இருந்தால் இந்தக் கணக்கையே தொடக் கூடாது. முதலில் தாழ்சர்க்கரையை ஏற்ற வேண்டும். உடல் எடையில் கிலோவுக்கு 0.3 கிராம் குளுக்கோஸ் என்பது அளவு. 25 கிலோவுக்கு 7 முதல் 8 கிராம், அதாவது தலைதட்டிய இரண்டு டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்தது. 15 நிமிடம் கழித்து மறுபடி பார்த்து, 70ஐத் தாண்டியபின் சாப்பாடு. தாழ்ந்ததை ஏற்றக் கொடுத்த அந்தச் சர்க்கரைக்கு இன்சுலின் கணக்கு கிடையாது. குழந்தை நினைவு தப்பியிருந்தால் வாயில் எதையும் ஊற்றக் கூடாது. குளுக்ககான் ஊசி வீட்டில் இருந்தால் போட வேண்டும், இல்லாவிட்டால் உடனே மருத்துவமனை.

சூத்திரத்தில் மூன்றாவதாக நிற்கும் மிச்ச இன்சுலின்தான் அதிகம் மறந்துபோவது. காலை எட்டு மணிக்கு 4.5 யூனிட் போட்ட சிறுமிக்குப் பத்து மணிக்கு 230 காட்டுகிறது என்று வைத்துக்கொள்வோம். 230லிருந்து 120 போக 110, அதை 90ஆல் வகுத்தால் 1.2. மனம் பதறி ஒரு யூனிட் போட்டுவிடத் தோன்றும். வேக இன்சுலின் சுமார் நான்கு மணி நேரம் வேலை செய்கிறது. தோராயமாக மணிக்குக் கால் பங்கு தீர்கிறது என்று கொண்டால் பத்து மணிக்குப் பாதி, அதாவது 2.2 யூனிட்டுக்கு மேல், இன்னும் உள்ளே இருக்கிறது. வேண்டியது 1.2, உள்ளே இருப்பதோ அதைவிட அதிகம். மிச்சமிருப்பதில் ஒரு பகுதி இன்னும் செரிக்காத சாப்பாட்டுக்குப் போய்விடும், அதனால் அத்தனையும் சர்க்கரையை இறக்கப் பயன்படாது. ஆனாலும் இப்போது புதிதாக எதுவும் போடத் தேவையில்லை. காத்திருந்தால் பன்னிரண்டு மணிக்கு 130க்குப் பக்கத்தில் வந்து நிற்கக்கூடும். அவசரப்பட்டுப் போட்ட அந்த ஒரு யூனிட் தன் பங்குக்கு இன்னும் 90 இறக்கினால் சர்க்கரை 40இல் போய் நிற்கும்.

ஊசிமேல் ஊசி போட்டு இன்சுலின் அடுக்கடுக்காகச் சேர்வது இப்படித்தான். சர்க்கரையைக் கட்டுக்குள் வைக்க வேண்டும் என்ற அக்கறை மிகுந்த வீடுகளில்தான் இது அதிகம் நடக்கும். சென்சார் மாட்டி நிமிடத்துக்கு நிமிடம் எண்ணைப் பார்க்க முடிந்தபிறகு அந்தத் தூண்டுதல் இன்னும் கூடியிருக்கிறது. பம்புகளில் மிச்ச இன்சுலினைக் கருவியே கழித்துக்கொள்ளும். பேனாவில் போடுபவர்கள் கடைசி ஊசியின் நேரத்தை எழுதி வைத்தால்தான் உண்டு. மூன்று அல்லது நான்கு மணி நேரத்துக்குள் திருத்த ஊசி வேண்டாம் என்று பல மருத்துவர்கள் ஒரே வரியில் சொல்லிவிடுகிறார்கள். கழித்தல் கணக்கை எளிதாக்கிய வடிவம் அது. படுக்கப் போகும் நேரத்தில் இலக்கைக் கொஞ்சம் உயர்த்தி வைத்து, திருத்தத்தில் பாதியை மட்டும் போடச் சொல்வதும் வழக்கம். தூங்கும் குழந்தை தலைசுற்றுகிறது என்று வந்து சொல்லாது.

கணக்கு சரியாக இருந்தும் கையில் தவறு நேரலாம். வாழைப்பழம் உரித்த விரலிலேயே குத்தினால் மீட்டர் 300 காட்டும். அது ரத்தத்தின் சர்க்கரை அல்ல, தோலில் ஒட்டிய பழத்தின் சர்க்கரை. அதை நம்பித் திருத்தம் போட்டால் குழந்தைக்குத் தேவையில்லாத இரண்டு யூனிட் உள்ளே போகும். எதிர்பாராத எண் வந்தால் கையைச் சோப்பால் கழுவி, துடைத்து, வேறு விரலில் இன்னொரு முறை பார்த்துவிட்டுத்தான் கணக்கைத் தொட வேண்டும்.

இதைவிட ஆபத்தான தவறு ஒன்று இந்தியாவில் உண்டு. இங்கே இன்சுலின் குப்பி ஒரு மில்லிக்கு 40 யூனிட் என்ற செறிவிலும் கிடைக்கிறது, 100 யூனிட் என்ற செறிவிலும் கிடைக்கிறது. சிரிஞ்சும் இரண்டு வகை: 40க்குச் சிவப்பு மூடி, 100க்கு ஆரஞ்சு மூடி. 100 யூனிட் குப்பியிலிருந்து சிவப்பு மூடி சிரிஞ்சில் 4 என்ற கோடு வரை இழுத்தால் உள்ளே வருவது 10 யூனிட். நம் சிறுமிக்கு ஆறு யூனிட் கூடுதல். சர்க்கரை கணக்கில் 540 இறங்க வேண்டும், அத்தனை சர்க்கரை ரத்தத்தில் இருக்காது. மறுபக்கத்தில், 40 யூனிட் குப்பியை ஆரஞ்சு சிரிஞ்சில் இழுத்தால் 4க்குப் பதில் 1.6 யூனிட்தான் போகும், நாள் முழுக்கச் சர்க்கரை இறங்காமல் நிற்கும். ஊருக்குப் போன இடத்தில் அவசரத்துக்கு மருந்துக்கடையில் சிரிஞ்சு வாங்கும்போதும், பேனா உடைந்து குப்பிக்கு மாறும்போதும் இது நடக்கிறது. குப்பியில் அச்சிட்ட எண்ணையும் சிரிஞ்சில் அச்சிட்ட எண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒருமுறை பார்த்தால் போதும்.

எல்லாம் சரியாகச் செய்தும் சர்க்கரை சொன்ன பேச்சைக் கேட்கவில்லை என்றால், எந்த எண் தவறு என்று கண்டுபிடிக்க ஒரு வரிசை இருக்கிறது. முதலில் நீண்ட நேர இன்சுலின். இரவுச் சாப்பாட்டுக்கு நான்கு மணி நேரம் கழித்து எடுத்த சர்க்கரையும் காலையில் எழுந்ததும் எடுத்ததும் 30 புள்ளிக்குள் ஒன்றையொன்று ஒட்டியிருந்தால் அது சரியாக இருக்கிறது. அது பிசகியிருக்கும்போது விகிதத்தைத் திருத்தினால், ஒரு தவறை இன்னொரு தவறால் மறைத்ததாகிவிடும். அடுத்து விகிதம். சர்க்கரை இலக்குக்குப் பக்கத்தில் இருக்கும் ஒரு நாளில், அளவு நன்றாகத் தெரிந்த எளிய சாப்பாட்டைக் கொடுத்து, நான்கு மணி நேரம் கழித்துப் பார்க்க வேண்டும். புறப்பட்ட இடத்துக்கே 30 புள்ளிக்குள் திரும்பி வந்தால் விகிதம் சரி. இரண்டு மணி நேரத்தில் ஏறி இறங்குவதை வைத்து முடிவு கட்டக் கூடாது, அது ஊசிக்கும் சாப்பாட்டுக்கும் இருந்த இடைவெளியைத்தான் காட்டும். கடைசியாகத் திருத்தக் காரணி. சாப்பாட்டு நேரமல்லாத நேரத்தில், மிச்ச இன்சுலின் எதுவும் இல்லாதபோது, ஏறி நிற்கும் சர்க்கரைக்குத் திருத்தம் மட்டும் போட்டு, நான்கு மணி நேரம் எதையும் சாப்பிடாமல் இருந்தால் எங்கே வந்து நிற்கிறது என்று பார்ப்பது.

ஒரு நாள் பிசகினால் எண்ணை மாற்றுவதில்லை. அன்று கரண்டி தாராளமாக இருந்திருக்கலாம், ஓடியாடி விளையாடியிருக்கலாம். மூன்று நான்கு நாள் ஒரே வேளையில் ஒரே திசையில் பிசகினால் மருத்துவரிடம் காட்டி 10 முதல் 15 சதவீதம் மாற்றுவார்கள். காலை விகிதம் 15 என்றால் 13ஆகவோ 17ஆகவோ மாறும், ஒரேயடியாக 10க்குப் போகாது. திரும்பத் திரும்பத் தாழ்ந்துபோனால் மட்டும் அத்தனை நாள் காத்திருப்பதில்லை. எண்கள் நிலையாகவும் இருப்பதில்லை. நோய் கண்டுபிடித்த புதிதில், மிச்சமிருக்கும் பீட்டா செல்கள் சில மாதம் மறுபடி கொஞ்சம் சுரக்கும். அப்போது ஒரு யூனிட் 40 கிராமுக்கும் போதுமானதாக இருக்கலாம். பருவமடையும் வயதில் நாளொன்றின் தேவை கிலோவுக்கு ஒரு யூனிட்டையும் தாண்டி ஏறும், விகிதம் 8, 10 என்று சிறுத்துவிடும்.

விகிதம் சரியாக இருந்தும் சில சாப்பாட்டில் மட்டும் கணக்கு தப்பும். பூரி, பரோட்டா, பிரியாணி போன்றவற்றில் உள்ள கொழுப்பு வயிறு காலியாவதைத் தாமதப்படுத்துகிறது. இரண்டு மணி நேரத்தில் சர்க்கரை நன்றாகத்தான் இருக்கும், சில சமயம் தாழ்ந்துகூடப் போகும். ஐந்தாவது ஆறாவது மணி நேரத்தில், வேக இன்சுலின் தீர்ந்துபோனபின், ஏறத் தொடங்கும். ஞாயிறு இரவு பிரியாணி, நள்ளிரவில் 280 என்று நோட்டில் இருந்தால் விகிதத்தில் குறை தேட வேண்டியதில்லை. அந்த ஊசியை இரண்டாகப் பிரித்துச் சாப்பாட்டுக்கு முன் ஒரு பகுதியும் ஒன்றிரண்டு மணி நேரம் கழித்து மறு பகுதியும் போடலாமா என்று மருத்துவரிடம் கேட்க வேண்டும்.

காய்ச்சலும் வாந்தியும் வந்துவிட்டால் இந்தச் சூத்திரத்தை வழக்கம்போல் பின்பற்ற முடியாது. நோயின்போது சுரக்கும் ஹார்மோன்கள் இன்சுலினைத் தடுக்கின்றன, 90 இறக்க வேண்டிய யூனிட் 50கூட இறக்காது. குழந்தை எதுவும் சாப்பிடவில்லையே என்று நீண்ட நேர இன்சுலினை நிறுத்துவது அப்போது பெரிய தவறு. இன்சுலின் இல்லாத உடல் கொழுப்பை எரித்துக் கீட்டோன் என்னும் அமிலத்தைச் சேர்க்கத் தொடங்கிவிடும். சர்க்கரை 250க்கு மேல் நின்று இறங்காமலிருந்தாலோ, குழந்தை வாந்தி எடுத்தாலோ கீட்டோனைப் பார்க்க வேண்டும். ரத்தக் கீட்டோன் 0.6க்குக் கீழே இருந்தால் வழக்கமான திருத்தம் போதும். 0.6ஐத் தாண்டினால் மருத்துவரிடம் பேசிக் கூடுதல் இன்சுலினும் நிறையத் தண்ணீரும் கொடுத்து, இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை பார்க்க வேண்டும். 1.5ஐத் தாண்டினால் ஆபத்து நெருங்குகிறது, 3 என்றால் ஒரு நிமிடமும் வீட்டில் வைத்திருக்கக் கூடாது. கீட்டோன் பட்டை கையில் இல்லாவிட்டால் வாயில் பழ வாடையும், வயிற்று வலியும், ஆழமாக வேகமாக இழுத்து விடும் மூச்சுமே அடையாளம். அவற்றில் எது தெரிந்தாலும் நோட்டுப் புத்தகத்தையும் கையில் எடுத்துக்கொண்டு மருத்துவமனைக்குக் கிளம்பிவிட வேண்டும். கடைசி ஊசி எப்போது, எத்தனை யூனிட் என்பதைத்தான் அங்கே முதலில் கேட்பார்கள்.